எட்டுப் பொருத்தமா, ஏழு பொருத்தமா? பூசத்துப் பெண்ணுக்கு வந்த இரண்டு வரன்கள்

"பத்துக்கு எட்டு இருக்கே, ஜோசியர் ஏன் வேண்டாம் என்கிறார்?" பெண்ணைப் பெற்றவர்கள் அடிக்கடி கேட்பது இது. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

பெண் பூசம், கடக ராசி, வயது 27. முதல் வரன் பரணி, மேஷ ராசி. தினம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, அதிபதி, வேதை எல்லாம் சேருகின்றன. கணம் மத்திமம், அதையும் சேர்த்தால் எட்டு. வசியம் இல்லை, அது பெரிய குறை அல்ல. ஆனால் ரஜ்ஜுவும் இல்லை: இருவருக்கும் ஒரே ரஜ்ஜு வந்தால் சேராது, பூசம், பரணி இரண்டுமே தொடை ரஜ்ஜு. அது பொருள் நஷ்டம் தரும் என்பது மரபு. ரஜ்ஜு தட்டினால் மற்ற எட்டு அதை ஈடுகட்டாது என்றுதான் பலர் பார்க்கிறார்கள். எண்ணிக்கையில் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு, பலனில் அப்படி இல்லை.

இரண்டாவது வரன் ரோகிணி, ரிஷபம். மகேந்திரம், அதிபதி, வசியம் இல்லை. மொத்தம் ஏழுதான். ஆனால் முக்கியமாகப் பார்க்கும் தினம், கணம், யோனி, ராசி, ரஜ்ஜு ஐந்தும் நிற்கின்றன. நான் இதைத்தான் எடுப்பேன்.

"சரி, ரஜ்ஜுவும் சேர்ந்து எட்டு வந்தால் பயமில்லையே?" அப்போதும் முடிந்துவிடாது. பத்துப் பொருத்தம் பார்ப்பது சந்திரன் நின்ற நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டும். ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள் நீடிக்கும். அந்த நட்சத்திரத்தில், அதே ராசியில் பிறந்த எல்லாப் பையன்களுக்கும் இதே எட்டுதான் வரும். லக்னம், ஏழாமிடம், செவ்வாய் நிற்கும் இடம், நடக்கும் தசை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

தசையை மட்டும் பாருங்கள். பூசத்துக்குத் தொடக்கம் சனி தசை. பெண்ணுக்குப் பிறக்கும்போது இருப்பு 12 வருடம், பிறகு புதன் 17. ஆக 29 வயதில் தசை மாறும், இன்னும் இரண்டு வருடம். பரணிப் பையனுக்குச் சுக்கிரன் இருப்பு 15, சூரியன் 6, சந்திரன் 10, மொத்தம் 31. இப்போது 29 வயது என்றால் அவருக்கும் இரண்டே வருடம். இருவருக்கும் ஒரே சமயத்தில் தசை மாறுவதுதான் தசா சந்தி. ரோகிணிப் பையனுக்கும் 29 வயதுதான். சந்திரன் இருப்பு 9, செவ்வாய் 7, ராகு 18 என்று 34 வயதில்தான் மாறும். அதாவது பெண்ணுக்கு மாறி மூன்று வருடம் கழித்து.

"தசா சந்தி என்று சொன்னதும் விட்டுவிடலாமா?" அவசரப்படாதீர்கள். முதலில் பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள். சனி தசையின் 19 வருடமும் அந்த ஒரு நாளுக்குள் அடங்குவதால், நேரம் ஒரு மணி தவறினால் தசை முடிவு ஒன்பது மாதத்துக்கு மேல் நகரும். வீட்டில் சொல்லும் "விடியக்காலை" போதாது, பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள நேரம் வேண்டும். ரஜ்ஜு அப்படி அல்ல. நட்சத்திரம் மாறும் எல்லையில் பிறந்திருந்தால் தவிர அது மாறாது.