இரு மொழிப் பிறந்தநாள் கவிதை: எதிரொலி அடிகளா, தனித்து நிற்கும் அடிகளா?

பெங்களூரில் என் தகப்பனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர்கள். மீதிப் பேர் அவருடன் வேலை பார்த்த கன்னடர்கள், மலையாளிகள், இந்திக்காரர்கள். இரண்டாம் சாராருக்குப் பொதுவாக இருந்த மொழி ஆங்கிலம் ஒன்றுதான். வாழ்த்துக் கவிதையைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவது என்று முடிவான பிறகு, அதை எந்த முறையில் கலப்பது என்ற கேள்வி எழுந்தது.

முழுத் தமிழ்க் கவிதையை வாசித்துவிட்டு முழு ஆங்கிலக் கவிதையை வாசிக்கும் முறையை நீண்ட நேரம் அலச வேண்டியதில்லை. எழுதுவதற்கு அதுவே எளிது. ஒரு பாதி சபை முதலில் சும்மா உட்கார்ந்திருக்க, மறு பாதி பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும். மேடைப் பேச்சுக்கு இது பரவாயில்லை, பத்துப் பதினைந்து அடிக் கவிதைக்குப் பொருந்தாது. எனவே அடி மாற்றி அடி எழுதுவதுதான் வழி என்று கொண்டால், அதற்குள்ளேயே மூன்று வகை உண்டு.

முதல் வகை எதிரொலி: தமிழ் அடி சொன்னதை அடுத்த ஆங்கில அடி அப்படியே திருப்பிச் சொல்லும்.

சாய்த்தால்தான் கிளம்பும் அப்பாவின் ஸ்கூட்டர்;
ஹீ டில்ட்ஸ் த ஸ்கூட்டர் டு மேக் இட் ஸ்டார்ட்.

யாருக்கும் எதுவும் விட்டுப்போகாது என்பது இதன் பலம். ஆனால் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள், அதாவது வீட்டுப் பிள்ளைகள் அனைவரும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்கிறார்கள். பதினாறு அடியில் எட்டு அடிக்கான விஷயமே இருக்கிறது. சிரிப்பில் இதைவிடப் பெரிய சிக்கல் வருகிறது. பழைய ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்த தலைமுறை தமிழ் அடியைக் கேட்டவுடனே சிரித்துவிடும். அந்தச் சிரிப்புச் சத்தம், மற்றவர்கள் காத்துக்கொண்டிருக்கும் ஆங்கில அடியின் மேலேயே விழும். சத்தம் அடங்கும்வரை பொறுத்து வாசித்தாலும், ஏற்கெனவே பிறர் சிரித்து முடித்த ஒன்றுக்கு விளக்கம் கேட்பவர்களாக அவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இரண்டாம் வகை தொடர்ச்சி: ஒரு மொழியில் தொடங்கிய செய்தியை அடுத்த மொழி முடித்து வைக்கும். இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி, டெல்லி சுல்தான்கள் காலத்துக் கவிஞர் அமீர் குஸ்ரோவின் பெயரில் வழங்கிவரும் ஒரு கஜல். அதன் முதல் இரண்டு அடிகளில் முற்பாதி பாரசீகம், பிற்பாதி வட இந்தியப் பேச்சு மொழியான பிரஜ்; அதன் பிறகு ஓர் அடி பாரசீகம், அடுத்த அடி பிரஜ்; இரண்டு மொழிப் பகுதிகளும் ஒன்றையொன்று மொழிபெயர்ப்பதில்லை, கருத்து முன்னோக்கியே நகர்கிறது; இயைபு முழுவதும் பிரஜ் பகுதியின் கடைசியில் விழுகிறது. அழகான வடிவம்தான், ஆனால் அதை முழுவதும் சுவைக்க இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். நம் சபையில் அப்படி இல்லை. தமிழும் ஆங்கிலமும் சேரும்போது வாக்கிய அமைப்பும் குறுக்கே நிற்கிறது.

மழை நாளில் எங்களைப் பள்ளிக்கு
அப்பாஸ் ஓல்ட் ஸ்கூட்டர்
அழைத்துச் சென்றது.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், தமிழ் மட்டும் அறிந்த அத்தை அதற்காக ஓர் ஆங்கில அடியைத் தாண்டிக் காத்திருக்கிறார். வினை வந்து சேரும்போது, இடையில் காதில் விழுந்த ஸ்கூட்டர் என்ற ஒரே சொல்லை வைத்து, அழைத்துச் சென்றது எது என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கோ ஸ்கூட்டர் ஒன்று கிடைத்தது, அது என்ன செய்தது என்பது கிடைக்கவில்லை.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாம் வகை. தமிழ் அடிகளை மட்டும் படித்தாலும் ஒரு கவிதை இருக்க வேண்டும். ஆங்கில அடிகளை மட்டும் படித்தாலும் ஒரு கவிதை இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவையாக, ஆனால் வெவ்வேறு செய்தி சொல்பவையாக இருக்க வேண்டும். இதற்கு முதல் நிபந்தனை, ஒவ்வோர் அடியும் தன்னளவில் முடிந்த வாக்கியமாக இருப்பது. இரண்டாவது, இரு சாராருக்கும் காதில் பிடிபடும் ஒரு பொதுச் சொல் அடுத்தடுத்த அடிகளில் வருவது. ஸ்கூட்டர், அம்மா, காபி, ஊர்ப் பெயர் போன்றவை அதற்கு உதவும்.

சாய்த்தால்தான் கிளம்பும் அப்பாவின் ஸ்கூட்டர்;
தட் ஓல்ட் ஸ்கூட்டர் டுக் அஸ் டு ஸ்கூல் இன் த ரெயின்.
காய்த்த கைதான் இன்றும் துடைக்கும்;
அம்மா சேட் பிஹைண்ட் அண்ட் நெவர் டிட் கம்ப்ளெயின்.

தமிழ் அடிகளில் வண்டியின் பிடிவாதமும், இன்னும் அதைத் துடைத்து வைக்கும் கையும் இருக்கின்றன. ஆங்கில அடிகளில் மழையில் பள்ளிக்குப் போனதும், பின்னால் உட்கார்ந்து குறை சொல்லாமல் வந்த அம்மாவும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சாராருக்கும் சிரிக்க ஓரிடம் கிடைக்கிறது, அது வேறு வேறு அடியில் கிடைக்கிறது. ஒருவர் சிரிப்பில் அடுத்த அடியின் முதல் சொற்கள் அமுங்கினாலும், அந்த அடியை நம்பி முந்தைய அடியைப் புரிந்துகொள்ள யாரும் காத்திருப்பதில்லை.

இந்த முறைக்கு என்னை முழுவதும் இழுத்தது ஓசை. தமிழில் எதுகை அடியின் தலையில், இரண்டாம் எழுத்தில் விழுகிறது: சாய்த்தால், காய்த்த. ஆங்கிலக் காது எதிர்பார்க்கும் இயைபு அடியின் கடைசியில் விழுகிறது: ரெயின், கம்ப்ளெயின். ஒன்று தொடங்கும் இடத்திலும் மற்றொன்று முடியும் இடத்திலும் இருப்பதால் இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை. நாலு வரியில் இரண்டு மரபும் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. எதிரொலி வகையில் இந்த வசதி கிடைப்பது கடினம், ஏனென்றால் பொருள் முன்பே முடிவாகிவிட்டதால் இயைபுக்காக ஆங்கில அடியை நகர்த்த இடமிருக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இரண்டு எதுகைச் சொற்களுக்கும் நடுவே ஓர் ஆங்கில அடி புகுவதால் நலிந்த எதுகை காதில் நிற்காது. முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும் என்ற இலக்கண விதியை இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. சாய்த்தால் என்பதற்கு எதிரே பெய்த என்று போட்டால், நெடிலுக்கு எதிரே குறில் வந்து, எதுகை கேட்காமலே போய்விடும்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். மேலே உள்ள நாலு வரியை இரண்டு மொழியும் தெரிந்தவர் கேட்டால், இன்று துடைக்கும் கையிலிருந்து அன்று பின்னால் உட்கார்ந்த அம்மாவுக்குத் திடீரென்று தாவுவதை உணர்வார். ஒரே ஆள் வாசித்தால் அந்தத் தாவல் துருத்திக்கொண்டு தெரிகிறது. தமிழை அண்ணனும் ஆங்கிலத்தை அவர் மகளும் வாசித்தபோது, இருவர் மாறி மாறி நினைவுகூர்வது போல அது இயல்பாகிவிட்டது. தமிழ் எழுதத் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் அண்ணனின் அடி எங்கே முடிகிறது என்பது ஸ்கூட்டர் என்ற சொல்லிலேயே தெரிந்தது.

எழுதும் உழைப்பைப் பார்த்தால் எதிரொலி வகைதான் லாபம். தனித்து நிற்கும் அடிகளுக்கு உண்மையில் இரண்டு கவிதை எழுத வேண்டியிருக்கிறது. நேரம் இல்லாதவர்கள் எதிரொலியையே எடுத்துக்கொண்டு, நகைச்சுவையை மட்டும் தவிர்த்துவிடலாம். எங்களுடையது ஒலிபெருக்கி இல்லாத வீட்டுக் கூடம். பெரிய மண்டபத்தில், சாப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவே, அடிக்கு அடி மொழி மாறுவது காதில் தங்குமா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே நான் நாலு வரியோடு நிறுத்திக்கொள்வேன்.