சி.ஆர்.ஆர்.டி ஓடும்போது மெரோபெனம்: 500 மி.கி.யா, 1 கிராமா?

செப்சிஸில் சிறுநீர் அடியோடு நின்றுவிட்ட 70 கிலோ நோயாளி. ஐசியுவில், சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தை இடைவிடாமல் சுத்திகரிக்கும் சி.ஆர்.ஆர்.டி இயந்திரம் இரவும் பகலும் ஓடுகிறது. மருந்துத் தாளைப் பார்த்தால், கிரியேட்டினின் கிளியரன்ஸ் 10-க்குக் கீழே இருந்தால் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மி.கி. ஐசியுக்களில் நடைமுறையில் எழுதுவது 1 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை.

தாளின் டோஸ், சிறுநீரகம் வேலை செய்யாத உடலுக்குப் போட்ட கணக்கு. இங்கே இயந்திரம் வேலை செய்கிறதே! மணிக்கு கிலோவுக்கு 25 மி.லி. கழிவுத் திரவம் என்று வைத்தால் நிமிடத்துக்கு சுமார் 29 மி.லி. மெரோபெனம் சிறிய மூலக்கூறு, புரதத்தோடு ஒட்டுவது வெறும் 2 சதவீதம். ஆகவே அந்தத் திரவத்தோடு ஏறக்குறைய முழுசாகப் போய்விடும். (90 சதவீதம் ஒட்டிக்கொள்ளும் செஃப்ட்ரியாக்ஸோனுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை.) சிறுநீரகம் அல்லாத வழியில் உடலே கழிப்பதை 30 என்று வைத்தால், மொத்தம் நிமிடத்துக்கு சுமார் 60 மி.லி.

இனி தோராயக் கணக்கு. மருந்து பரவும் அளவு 25 லிட்டர் என்றால், அரை ஆயுள் 5 மணி நேரத்தை ஒட்டி வரும். 500 மி.கி. போட்டால் ரத்தத்தில் 20 மி.கி./லிட்டர் வரை ஏறும். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு, அதாவது எம்.ஐ.சி, 2 என்றால் 16 மணி நேரம் தாங்கும், மோசமில்லை. ஆனால் கல்ச்சர் வருமுன் 8 வரை இருக்கலாம் என்றுதான் எண்ண வேண்டும். அந்த 8-க்கு மேல் சுமார் 6 மணி நேரம்தான் நிற்கும். மீதி 18 மணி நேரம் கிருமிக்கு. 1 கிராம் என்றால் தொடக்கம் 40. 12 மணி நேரத்தில் 7-க்கு இறங்கிவிடும், மயிரிழையில் தவறுகிறது. 8 மணி நேரத்தில் 12-க்கு மேல் இருக்கும்.

என் ஓட்டு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராமுக்கு, குறைந்தது முதல் 48 மணி நேரத்துக்கு. கல்ச்சரில் எம்.ஐ.சி குறைவாக வந்தால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றலாம். ஒவ்வொரு டோஸையும் 3 மணி நேரம் ஓட்டினால் இன்னும் நல்லது. முதல் டோஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள். அதைத் தீர்மானிப்பது பரவும் அளவு, சிறுநீரகமல்ல. செப்சிஸில் அந்த அளவு கூடத்தான் செய்யும்.

கிரியேட்டினினைப் பார்த்து டோஸை மாற்றுவதிலும் பயனில்லை. அதை இயந்திரமும் கழுவுகிறது, எண் அழகாகிவிடும். பார்க்க வேண்டியவை இரண்டு: கழிவுத் திரவத்தின் உண்மையான அளவு, நோயாளியின் சிறுநீர். சிறுநீர் திரும்பிவிட்டால் இந்த டோஸும் போதாமல் போகலாம்.

மறுபக்கமும் உண்டு. ஃபில்டர் அடைத்து இயந்திரம் பல மணி நேரம் நின்றால், கழிவது பாதியாகும். அதே டோஸ் தொடர்ந்தால் சராசரி அளவு 35-லிருந்து 70-ஐ நெருங்கும், குழப்பமும் வலிப்பும் வரலாம். அப்போது அடுத்த டோஸைத் தள்ளிப்போட வேண்டும். ரத்த அளவு பார்க்க வசதி இருக்கும் இடத்தில் அடுத்த டோஸுக்கு முன் மாதிரி எடுத்தால் சரியாகத் தெரிந்துவிடும்.