மலை மேலிருந்த செகண்டரி பின்தங்கிப்போன கதை: சின்ன ஓப்லாக், மறுசிங்க், அதற்குப் பிந்தைய இரண்டு வருடம்

சேலத்தில் லாரிகளுக்கு ஜிபிஎஸ் கண்காணிப்பு செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தின் சர்வர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அறுநூறு லாரிகள். ஒவ்வொன்றும் 15 நொடிக்கு ஒரு முறை தன் இடத்தை அனுப்பும். எல்லாம் மோங்கோடிபி 6.0-இல், மூன்று நோடு கொண்ட ரெப்ளிகா செட்டில் சேர்கிறது. இரண்டு நோடு ஊருக்குள், ஆபீஸிலேயே. மூன்றாவது ஏற்காட்டில், முதலாளியின் காப்பித் தோட்ட ஆபீஸில். ஊரில் தீயோ வெள்ளமோ வந்தாலும் ஒரு பிரதி மலை மேல் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தது. எழுத்தை ஏற்கும் பிரைமரி ஆகிவிடாதபடி அதற்கு `priority: 0` கொடுத்திருந்தோம். பிரைமரியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு மட்டும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை இரவு 9 மணி வாக்கில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தது. திங்கள் காலை 10 மணிக்குத் தோட்ட ஆபீஸ் தம்பி போன் செய்தார்: "அண்ணா, லைன் வந்துருச்சுங்க. பெட்டியில பச்சை லைட்டெல்லாம் எரியுது." 37 மணி நேரம் கழிந்திருந்தது. இனி தானாகப் பிடித்துவிடும் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து `rs.status()` பார்த்தால் மலை நோடு `RECOVERING` என்றே நிற்கிறது. லாக்கில் `too stale to catch up` என்ற வரி.

அன்று நான் செய்த முதல் தப்பு, அந்த நோடை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தது. அதனால் எதுவும் மாறாது. ஏன் மாறாது என்பது ஓப்லாக் எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது.

பிரைமரியில் நடக்கும் ஒவ்வொரு எழுத்தும் `local.oplog.rs` என்ற கலெக்‌ஷனில் வரிசையாகப் பதிவாகிறது. செகண்டரிகள் அதைப் படித்துத் தங்களிடம் செய்துகொள்கின்றன. அந்தக் கலெக்‌ஷனுக்கு அளவு வரம்பு உண்டு. நிரம்பினால் பழைய பதிவுகள் முன்னாலிருந்து உதிர்ந்துவிடும். செகண்டரி கடைசியாகப் படித்த பதிவு மற்ற நோடுகளின் ஓப்லாக்கில் இன்னும் இருந்தால், அங்கிருந்து தொடரலாம். உதிர்ந்துவிட்டால் நடுவில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. அதனால் நின்றுவிடுகிறது. நிற்பதுதான் சரியும்கூட, ஓட்டையோடு தொடர்ந்தால் தரவு தப்பாகிவிடும்.

ஆகவே பார்க்க வேண்டியது இரண்டே நேரம்: பின்தங்கிய நோடு கடைசியாகப் படித்தது எப்போது, மற்ற நோடுகளின் ஓப்லாக் எங்கிருந்து தொடங்குகிறது. மற்ற நோடுகள் என்றால் பிரைமரி மட்டுமல்ல. இன்னொரு செகண்டரியின் ஓப்லாக் பெரிதாக இருந்தால், அதிலிருந்தே பிடித்துக்கொள்ளும். டேட்டாவை அழிக்கும் முன் அதையும் பார்த்துவிட வேண்டும். எங்கள் பிரைமரியில் `rs.printReplicationInfo()` காட்டியது:

```
configured oplog size
'1638 MB'
---
log length start to end
'31680 secs (8.8 hrs)'
```

இன்னொரு சேலம் நோடிலும் இதேதான். ஓப்லாக் திங்கள் அதிகாலையிலிருந்துதான் இருக்கிறது. மலை நோடு நிற்பதோ சனி இரவில்.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அந்த 8.8 என்ற எண். முந்தைய மாதம் ஒரு மாலை இதே கட்டளையைப் போட்டபோது 15 மணி நேரம் என்று காட்டியது. அதை நம்பித்தான் இருந்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. 600 லாரி, 15 நொடிக்கு ஒன்று என்றால் நொடிக்கு 40 பதிவு. எங்கள் ஆவணத்தின் அளவுக்கு ஒவ்வொரு இன்சர்ட்டும் ஓப்லாக்கில் ஏறக்குறைய 400 பைட். அதோடு லாரியின் 'கடைசி இடம்' ஆவணத்தில் ஒரு அப்டேட், 200 பைட். 90 நாள் ஆன பதிவுகளை டிடிஎல் இண்டெக்ஸ் அழிக்கிறது. அழிப்பதும் ஓப்லாக்கில் ஏறும், ஒன்றுக்கு 150 பைட். கூட்டினால் மணிக்கு 108 எம்பி. 1638-ஐ 108-ஆல் வகுத்தால் 15 மணி நேரம். மாலையில் பார்த்த எண் இதுதான்.

ஆனால் இரவு 2 மணிக்கு எங்களிடம் ஒரு வேலை ஓடும். அன்றைய பதிவுகள் எல்லாவற்றிலும் பயண எண்ணை எழுதுகிற `updateMany` அது. நாம் எழுதுவது ஒரே கட்டளை. ஓப்லாக்கிலோ மாறிய ஆவணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு ஏறும். செகண்டரி அதே கட்டளையைத் திரும்ப ஓட்டுவதில்லை. எந்த ஆவணத்தில் என்ன மாறியது என்பதைத்தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு நாளில் 34 லட்சத்து 56 ஆயிரம் பதிவு, தலா 200 பைட் என்றால் 690 எம்பி. மொத்த ஓப்லாக்கில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அந்த ஒரே வேலை தின்றுவிட்டது. அதனால்தான் காலையில் 8.8. அதாவது இரவில் பத்து மணி நேரம் லைன் போயிருந்தாலே நாங்கள் மாட்டியிருப்போம், மாலையில் திரையில் 15 என்று பார்த்திருந்தாலும்கூட. இந்த எண்ணை எடுப்பதென்றால் நாளின் மிக மோசமான நேரத்தில் எடுங்கள். பெரிய பேட்ச் வேலை முடிந்து சில மணி நேரத்துக்குப் பிறகு.

1638 எம்பி எங்கிருந்து வந்தது? நாங்கள் யாரும் அதை வைக்கவில்லை. ஓப்லாக் முதன்முதலாக உருவாகும்போது டிஸ்கில் காலியாக இருக்கும் இடத்தில் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்; குறைந்தது 990 எம்பி, அதிகம் போனால் 50 ஜிபி. நாங்கள் தொடங்கியது 40 ஜிபி டிஸ்கில், 32 ஜிபி காலி. பிறகு டிஸ்கை 500 ஜிபி ஆக்கினோம். ஓப்லாக் பிறந்த அளவிலேயே நின்றுவிட்டது.

சரி, இனி மறுசிங்க்தான்: மலை நோடு முழு டேட்டாவையும் இன்னொரு நோடிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். அதற்கு முன் ஓப்லாக்கைப் பெரிதாக்க வேண்டும்; இந்த வரிசை முக்கியம். ஒரு நாளைக்கு 108 × 24 = 2592, இரவு வேலை 690, ஆக 3.3 ஜிபி. ஒரு வாரம் தாங்க வேண்டும் என்று 24 ஜிபி வைத்தேன். ரீஸ்டார்ட் தேவையில்லை. இந்தக் கட்டளை மற்ற நோடுகளுக்குத் தானாகப் பரவாது, ஆகவே ஒவ்வொரு நோடிலும் நேராக இணைந்து போட வேண்டும். செகண்டரியில் முதலில், பிரைமரியில் கடைசியாக.

```
db.adminCommand({ replSetResizeOplog: 1, size: Double(24576) })
```

போட்டவுடன் `log length` ஏழு நாள் ஆகிவிடாது. உதிர்ந்த பழைய பதிவு திரும்ப வராது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து, 24 ஜிபி நிரம்பும் வரை, புதிதாக எதுவும் உதிராது. எண் ஒவ்வொரு மணியும் ஒரு மணி வீதம் கூடிக்கொண்டே போகும். மறுசிங்க் செய்யும்போது நமக்கு வேண்டியதும் அதுதான். சிங்க் சில மணி நேரம் இழுத்தாலும், முடிந்த பிறகு பெட்டி ஒரு நாள் அணைந்திருந்தாலும், தொடர்ந்து படிக்க வேண்டிய பதிவு அங்கேயே இருக்கும்.

எங்கள் டேட்டா சுருக்காத கணக்கில் 93 ஜிபி. மலை லைன் 20 எம்பிபிஎஸ், நொடிக்கு 2.5 எம்பி. டேட்டா இறங்கவே பத்து மணி நேரத்துக்கு மேல், அதுவும் மழையில் ஆடுகிற லைனில். பாதை திறந்துவிட்டது என்று தெரிந்ததும் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் இறக்கினோம். ரெப்ளிகா செட்டில் நோடுகளை ஐபியால் குறிக்காமல் ஹோஸ்ட் பெயரால் குறித்திருந்ததால் கான்ஃபிகில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரியை மட்டும் மாற்றினோம்.

பழைய டேட்டாவை அழிக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தேன்:

```
sudo systemctl stop mongod
sudo mv /var/lib/mongodb /var/lib/mongodb.old
sudo install -d -o mongodb -g mongodb /var/lib/mongodb
```

திரும்பத் தொடங்கும் முன் இன்னொன்று. காலி டைரக்டரியில் எழும் நோடு தன் ஓப்லாக்கைப் புதிதாக உருவாக்கும். பழைய 5 சதவீதக் கணக்கு மறுபடியும் வந்துவிடும். மலைப் பெட்டியின் டிஸ்க் 250 ஜிபி. விட்டிருந்தால் மற்றவற்றில் பாதி அளவுக்குத்தான் வந்திருக்கும். எனவே `mongod.conf`-இல் முதலிலேயே எழுதினேன்:

```
replication:
  replSetName: rs0
  oplogSizeMB: 24576
```

இந்த வரி ஓப்லாக் உருவாகும் தருணத்தில் மட்டுமே செல்லும். ஏற்கெனவே ஓப்லாக் இருக்கிற நோடில் இதை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் எதுவும் நடக்காது. அங்கே மேலே சொன்ன கட்டளைதான் வழி.

ஆபீஸ் லேனில் சிங்க் மூன்றரை மணி நேரத்தில் முடிந்தது, இண்டெக்ஸ்கள் உட்பட. அதுவரை நோடு `STARTUP2` நிலையில் இருக்கும். எவ்வளவு வந்தது என்பதை அந்த நோடிலேயே இணைந்து `rs.status()`-இன் `initialSyncStatus` பகுதியில் பார்க்கலாம். பெட்டி அணைந்து காரில் இருந்த நேரம்தான் எனக்கு உள்ளூர பயம். `RECOVERING` நோடுக்கும், மறுசிங்க் ஆகிற `STARTUP2` நோடுக்கும்கூட ஓட்டு உண்டு, அணைந்திருக்கும் நோடுக்குக் கிடையாது. அப்போது சேலத்து இரண்டில் ஒன்று விழுந்திருந்தால் பெரும்பான்மை போய், மிச்சமிருக்கும் நோடு பிரைமரியாக இருக்க முடியாமல் எழுத்து நின்றிருக்கும். நல்ல நிலையில் இருக்கும் செகண்டரியை நிறுத்தி அதன் ஃபைல்களைக் காப்பி செய்யலாமே என்று ஒரு நண்பர் சொன்னதை அதனால்தான் மறுத்தேன். ஃபைல்களை வாங்கும் வரை மலை நோடும் நின்றிருக்க வேண்டும், அப்போது அதையும் நிறுத்துவதே பிரைமரியை இறக்கியிருக்கும்.

மறுநாள் பெட்டி மலை ஏறியது. அணைந்திருந்த ஐந்து மணி நேரத்தைச் சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிந்தைய இரண்டு வருடத்தில் இரண்டே மாற்றம் செய்தேன். முதலாவது, இரவு வேலையைத் திருத்தியது. இப்போது பயணத்துக்கு ஒரு ஆவணம். அதில் தொடக்க நேரம், முடிவு நேரம், லாரி எண். ஒவ்வொரு பதிவிலும் பயண எண் எழுதுவது நின்றது, 690 எம்பி ஏறக்குறைய மறைந்தது, அதே 24 ஜிபி ஒன்பது நாளுக்கு மேல் தாங்குகிறது. ஓப்லாக்கைப் பெரிதாக்குவதற்கு முன் இதைச் செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாவது, மணிக்கு ஒரு முறை ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஒவ்வொரு செகண்டரியும் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதையும் பிரைமரியின் ஓப்லாக் நீளத்தையும் ஒப்பிடும். பின்தங்கல் நீளத்தில் பாதியைத் தாண்டினால் என் போன் அடிக்கும். மூன்று மணி நேரம் பின்தங்கினால் எச்சரிக்கை என்பதுபோல நிலையான எண் வைப்பதைவிட இது எனக்கு உதவியது, ஏனென்றால் அந்த நீளமே எழுதும் சுமையைப் பொறுத்து மாறுகிறது.

4.4 பதிப்பிலிருந்து `oplogMinRetentionHours` என்ற அமைப்பும் இருக்கிறது; இத்தனை மணி நேரப் பதிவைக் கட்டாயம் வைத்திரு என்று சொல்லலாம். எழுத்து திடீரென்று கூடினால் ஓப்லாக் தன் அளவைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், டிஸ்க் நிரம்பும் வரையிலும்கூட. மலைப் பெட்டியின் 250 ஜிபியை நினைத்து அதைத் தொடாமல் விட்டேன். டிஸ்கில் தாராளமாக இடம் உள்ளவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

போன கார்த்திகையில் லைன் மறுபடியும் போனது, இந்த முறை இரண்டரை நாள். ஸ்கிரிப்ட் அடிக்கவே இல்லை. லைன் வந்து ஒன்றரை மணி நேரத்தில் மலை நோடு மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. பெட்டியைத் தோட்ட ஆபீஸ் அலமாரியிலிருந்து யாரும் அசைக்கவில்லை.