சார்ஜ் பாதியில் நிற்கிறதென்று எர்த்தையும் நியூட்ரலையும் இணைக்க விடாதீர்கள்

மின்சாரக் கார் வாங்கிய வீடுகளில் இப்போது ஒரே முறைப்பாடு: இரவு பிளக்கைக் குத்திவிட்டுப் படுத்தால், விடிய 45 வீதத்தில் நிற்கிறது. இந்த முறைப்பாட்டை வைத்தே வளவுக்கு வளவு காசு பார்க்கும் வேலையாட்கள் கிளம்பியிருக்கிறார்கள். கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறோம். பெயர் எதுவும் வேண்டாம். செய்த வேலைதான் முக்கியம், ஏனென்றால் இதே வேலை வேறு வீடுகளிலும் நடக்கிறது.

வேலைக்கு வந்தவர் சார்ஜருக்கென்று புது எர்த் அடித்ததாக 18,000 ரூபா எடுத்தார். சார்ஜ் நின்றபோது, "ஐயா, உங்கட லைனில வோல்ற்றேஜ் காணாது" என்று 65,000 ரூபாவுக்கு ஸ்டெபிலைசர் விற்றார். அதற்குப் பிறகும் நின்றது. "அப்ப பற்றறிதான் போயிட்டுது" என்றார். கடைசியாக வந்து பத்து நிமிடம் சொக்கற்றுக்குள் ஏதோ செய்தார், அன்றிலிருந்து சார்ஜ் நிற்கவேயில்லை. வீட்டுக்காரர் நன்றி சொல்லி இன்னும் 5,000 கொடுத்தார். இந்த நாலில் உயிருக்கு ஆபத்தானது அந்தக் கடைசிப் பத்து நிமிட வேலை.

சொக்கற்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எர்த் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் இடையில் இரண்டு அங்குல வயர் ஒன்று பாலம்போட்டிருந்தது. சார்ஜர் பெட்டி மின் ஓடும் நேரமெல்லாம் எர்த் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், இல்லையென்று பட்டால் நிறுத்திவிடும். நியூட்ரலை எர்த் என்று காட்டினால் பெட்டி ஏமாந்து போகும். ஏமாறுவது பெட்டி மட்டுமல்ல.

இங்கே நமக்கு வரும் இணைப்பில் கம்பத்திலிருந்து லைவ், நியூட்ரல் இரண்டுதான் வரும். எர்த் அவரவர் வளவில் அடிக்கும் கம்பி. ஆகவே நியூட்ரலும் எர்த்தும் வீட்டுக்குள் எங்கேயும் சேரக்கூடாது. ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் சேர்த்தால், திரும்பும் மின்னில் ஒரு பங்கு மண் வழியாகப் போய், ட்ரிப் விழக்கூடும். அது விழாமலிருக்க அந்த வேலையாள் சார்ஜர் வயரை ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், மெயினிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை.

இனி கார்த்திகை, மார்கழிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்து கம்பத்து நியூட்ரல் அறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எரியும் ஒரு பல்ப், ஓடும் ஒரு பிரிட்ஜ் ஊடாக லைவ் வந்து அறுந்த நியூட்ரலில் நிற்கும். பாலம் வழியாக அது சார்ஜரின் எர்த்துக்கு, அங்கிருந்து காரின் உடலுக்கு. கார் ரயரில் நிற்பதால் மண்ணோடு தொடர்பில்லை. ஈரமண்ணில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுபவர்தான் மண்ணுக்கு வழி. பெட்டி உள்ளே ரிலேயைத் திறந்தாலும் லைவ், நியூட்ரல் இரண்டும்தான் அறும். எர்த் கம்பி பெட்டிக்குள் அறாமல் நேரே காருக்குப் போவது. சார்ஜ் நின்றிருந்தாலும், பிளக் குத்தியிருக்கும்வரை காரில் கரண்ட் நிற்கும்.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்று ஒரு மல்ரிமீற்றர் சொல்லிவிடும். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், நியூட்ரலையும் சேர்த்து அறுக்கும் இரட்டை முனைச் சுவிட்சாக அது இருக்கவேண்டும். மல்ரிமீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து மூன்று முனைகளிலும் கரண்ட் இல்லையென்று உறுதிசெய்த பிறகு, ஓமுக்கு மாற்றி, சார்ஜர் சொக்கற்றின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வையுங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டி பீப் அடித்தால் பாலம் இருக்கிறது. கரண்ட் இருக்கும்போதும் ஒரு அடையாளம் உண்டு, ஆனால் அதைத் தெரிந்தவர் மட்டும் பார்க்கட்டும். கார் 16 அம்பியர் இழுக்கும்போது நல்ல இணைப்பில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ற் காட்டும், நியூட்ரல் கம்பியின் இழப்பு அது. அந்த நேரத்தில் அசையாமல் 0.0 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்.

அந்த 18,000 ரூபா எர்த்துக்கு வருவோம். வேலையாள் வீட்டுக்காரர் முன்னால் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமுக்கி, அது விழுந்ததும் "பாத்தீங்களே, எர்த் வேலை செய்யுது" என்றாராம். அந்தப் பொத்தானுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே இல்லை. சுவிட்சுக்குள்ளேயே இருக்கும் ஒரு மின்தடை வழியாகச் சமநிலையைக் கெடுத்துப் பார்க்கும் பொத்தான் அது. வளவில் எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அமுக்கினால் விழும்.

கம்பியைத் தோண்டிப் பார்த்தால் 40 சென்ரிமீற்றர்தான் மண்ணுக்குள். பாறை தட்டியதும் மேல் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, கிளாம்ப் போட்டு, சிமெந்து மூடியும் வைத்து அழகாக முடித்திருக்கிறார். நம்ம பக்கம் பல இடங்களில் செம்மண் கொஞ்சம்தான், கீழே சுண்ணாம்புக்கல். 1.2 மீற்றர் கம்பி முழுதாக இறங்குவது எல்லா வளவிலும் நடக்காது, அது வேலையாளின் குற்றமில்லை. இறங்காததைச் சொல்லாமல் முழுக் கம்பிக்குக் காசு வாங்கியதுதான் ஏமாற்று.

புரட்டாதி வரட்சியில் அளந்தபோது அந்த எர்த் 460 ஓம். மாரியில் மண் நனைந்திருக்கும்போது அடித்துவிட்டு அன்றைக்கே அளந்தால் பாதிகூட வராது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. 460 ஓம் என்றால் என்ன நடக்கும்? அந்த வீட்டுக் கிணற்று மோட்டரின் சுற்றில் ஈரம் ஏறி, 18 மில்லி அம்பியர் எர்த்துக்குக் கசிந்துகொண்டிருந்தது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் அதற்கு விழாது. ஆனால் 18 மில்லி அம்பியரை 460 ஓமால் பெருக்கினால் 8 வோல்ற்றுக்கு மேல். மோட்டர் ஓடும் நேரமெல்லாம் வீட்டு எர்த் முழுவதும் அந்த அளவுக்கு மிதந்தது. சார்ஜர் பெட்டி அதைப் பார்த்து எர்த் பிழை விளக்கைப் போட்டு நின்றது. பெட்டி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

கிணற்று மோட்டரைப் போடும் அதே பின்னேரத்தில் வோல்ற்றேஜும் இறங்கும். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஸ்டெபிலைசர் விற்க முடிந்தது. பிரித்தறிய ஒரு வழி: வோல்ற்றேஜ் இறங்கி நின்றால், அது ஏறியதும் பெரும்பாலான பெட்டிகள் தாமாகவே தொடங்கும். எர்த் பிழையில் நின்றால் பிளக்கைக் கழற்றிக் குத்தும்வரை அப்படியே பூட்டிக்கொண்டு நிற்கும். எந்த விளக்கு எத்தனை தரம் மினுங்குகிறது என்று போனில் ஒரு வீடியோ எடுத்து, பெட்டியின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். வேலையாளைக் கூப்பிட முன்னம் இதைச் செய்தால் பாதிக் கதை அவரால் சொல்ல முடியாது.

அந்த வீட்டு வோல்ற்றேஜிலும் குறை இருந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. நண்பகலில் 231. இரவு ஏழு மணிக்கு, கார் குத்தாமல், மின்மானியடியில் 219. 16 அம்பியர் இழுத்ததும் அங்கே 210, சார்ஜர் சொக்கற்றில் 201. மின்மானிக்கு இப்பால் போன 9 வோல்ற்றும் வீட்டுக்காரரின் சொந்த வயரில் போனது: 30 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருந்தார்கள். அதையே 6 சதுர மில்லிமீற்றரில் இழுத்திருந்தால் இழப்பு மூன்றரை வோல்ற்தான். 201இல் கார் ஒழுங்காகச் சார்ஜ் ஆகும், கொஞ்சம் மெதுவாக. மோட்டர் கிளம்பும் ஒரு கணத்தில் 184க்கு விழுந்தது, 190க்குக் கீழே நிறுத்தும்படி அமைந்த அந்தப் பெட்டி அப்போது நின்றது.

ஸ்டெபிலைசர் இதற்கு மருந்தல்ல. 200 வோல்ற்றை 230 ஆக்க, அது லைனிலிருந்து 16க்குப் பதிலாக 18 அம்பியருக்கு மேல் இழுக்கும், வயரில் இழப்பு இன்னும் கூடும். உள்ளே ரிலே மாறும் ஒவ்வொரு தடவையும் மின் ஒரு கணம் அறும், பெட்டி அதற்கும் நிற்கும். மின்மானியடியிலேயே, உங்கள் சுமை எதுவும் இல்லாமல், 216க்குக் கீழே இறங்கினால் அது மின்சாரம் வழங்குவோரின் பொறுப்பு. 230இலிருந்து 6 வீதம்தான் கூடக்குறையலாம். திகதி, நேரம், அளவு எழுதி முறைப்பாடு கொடுங்கள்.

பற்றறிக் கதை? காரின் திரையில் சார்ஜ் எல்லை 80 வீதமென்று போட்டிருந்தது. 80இல் நின்றதைக் காட்டித்தான் பற்றறி பழுது என்றார். அதைவிட, காரிலும் சார்ஜரிலும் தனித்தனியாக நேரக்கணக்கு வைத்து, இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதில் மட்டும் வையுங்கள்.

கடைசியில் அந்த வீட்டில் செய்தது இவ்வளவுதான். பாலத்தை அகற்றி, சார்ஜர் வயரைத் தனி 30 மில்லி அம்பியர் ட்ரிப்புக்குப் பின்னால் மாற்றினார்கள். கிணற்றிலிருந்து தள்ளி 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் 6 மீற்றர் நீளக் கான் வெட்டி, 25க்கு 3 மில்லிமீற்றர் செப்புப் பட்டியைப் படுக்கவைத்து, சுற்றிவர பென்ரனைற் களி போட்டு மூடினார்கள். பாறை இருக்கும் வளவில் குத்தென நிற்கும் கம்பியைவிடப் படுத்த பட்டிதான் பலன் தரும். உப்பும் கரியும் கொட்டச் சொல்பவர்களை அனுப்பிவிடுங்கள். உப்பு ஒரு மாரியில் கரைந்து கல்லிடுக்கு வழியாகக் கிணற்றுக்குப் போகும், செம்பையும் தின்னும். புது எர்த் 58 ஓம். மோட்டரைத் திரும்பச் சுருள் சுற்றக் கொடுத்தார்கள். சார்ஜரை 10 அம்பியரில் வைத்ததும், பின்னேரத்தில் சொக்கற்றில் 208 நின்றது, அவசரமில்லாத நாளில் இரவு 10.30க்குப் பிறகு 16 அம்பியர்.

எர்த் வேலைக்குக் காசு கொடுக்க முன்னம் பற்றுச்சீட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: கம்பி அல்லது பட்டியின் நீளம், அளந்த ஓம் அளவு, அளந்த திகதி. புதைக்க முன்னம் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள், மூடிய பிறகு நீளத்தை யாரும் காட்ட முடியாது. அளக்க மண்ணில் இரண்டு சிறு முளை அடிக்கும் எர்த் மீற்றர் வேண்டும், கையில் வெறும் ரெஸ்ரரோடு வருபவரால் அந்த இலக்கத்தைத் தர முடியாது. மாரியில் எடுத்த அளவென்றால் அடுத்த புரட்டாதியில், மழை தொடங்க முன்னம், திரும்ப ஒரு தரம் அளக்க வரவேண்டும் என்று அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.