கூகுள் மேப்பில் கடையைப் போட மூன்று வழிகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

மதுரையில் ஒரு கடையை கூகுள் மேப்பில் கொண்டுவர இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கடைக்காரரே தன் போனில் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஏஜென்சியிடம் பணத்தைக் கட்டி, எல்லாவற்றையும் அவர்கள் கையில் விட்டுவிடலாம். அல்லது தெரிந்த ஆளைக் கடைக்கு வரவழைத்து, கூலி கொடுத்து, தன் ஜிமெயில் கணக்கிலேயே போட்டு வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது வேலையைத்தான் நான் செய்கிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று. மேப்பில் கடையைக் காட்டும் பதிவான கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். பதிவுக்கோ சரிபார்ப்புக்கோ கூகுள் ஒரு பைசா வாங்குவதில்லை. 'கூகுளுக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ்' என்று யார் பில் போட்டாலும் அது தவறு. நீங்கள் கொடுக்கும் பணம் வேலை செய்கிற ஆளின் நேரத்துக்கு மட்டும்தான்.

மூன்று வழிகளையும் ஒரே கடையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கும் சுங்குடிச் சேலைக் கடையை எடுத்துக்கொள்கிறேன். கீழே வேறொருவரின் பாத்திரக்கடை. இரண்டுக்கும் நடுவில் குறுகலான மாடிப்படி, படி ஏறும் இடத்தில் ஒரு சின்னப் பெயர்ப்பலகை. டவுனுக்குள் இப்படிப்பட்ட கடைகள் ஏராளம். மேப்பில் அதிகம் சிக்கலாவதும் இவைதான்.

சரிபார்ப்பு: வேலையின் பாதி இங்கேதான்

பெயர், முகவரி, போன் நம்பர், வகை எல்லாம் நிரப்புவது கால் மணி நேர வேலை. அதன்பிறகு கூகுள் சரிபார்ப்பு கேட்கும். போனிலா, மின்னஞ்சலிலா, வீடியோவிலா என்பதை கூகுள்தான் தீர்மானிக்கிறது, நாம் தேர்ந்தெடுக்க முடியாது. புதிய கடைகளுக்கு இப்போது பெரும்பாலும் வீடியோதான் வருகிறது.

அந்த வீடியோவில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: கடை இந்த இடத்தில்தான் இருக்கிறது, கடை உண்மையிலேயே நடக்கிறது, எடுப்பவருக்குக் கடையில் உரிமை இருக்கிறது. வெட்டாமல், ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். பழைய வீடியோவை கேலரியிலிருந்து எடுத்துப் போட முடியாது. கூகுள் காட்டும் பக்கத்திலிருந்தே, போனில் அங்கேயே எடுக்க வேண்டும்.

நம் சுங்குடிக் கடைக்கு நான் சொல்லும் வரிசை இது. சந்து முனையில் தெருப் பெயர்ப்பலகையில் தொடங்குங்கள். இரண்டு பக்கத்துக் கடைகளின் பலகைகள் தெரியும்படி மெதுவாக நடந்து வாருங்கள். மாடிப்படிக்கு முன் நின்று உங்கள் பலகையை எழுத்து படிக்கும் அளவுக்குக் காட்டுங்கள். மேலே ஏறி, பூட்டியிருக்கும் ஷட்டரை உங்கள் சாவியால் திறங்கள். இதற்காகவே காலையில் கடை திறக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. உள்ளே சேலை அடுக்குகள், அப்புறம் கல்லாவைத் திறந்து காட்டுவது, கடைப் பெயர் அச்சிட்ட பில் புத்தகம், ஜிஎஸ்டி சான்றிதழ். இதெல்லாம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். முகம் தெரிய வேண்டியதில்லை. ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களைக் காட்டவே வேண்டாம். பழைய கட்டடங்களின் உள்ளே சிக்னல் மந்தமாக இருக்கும். வீடியோ முழுவதும் ஏறி முடியும்வரை அந்தப் பக்கத்தை மூடாதீர்கள். பார்த்து முடிவு சொல்ல கூகுள் ஐந்து வேலை நாள் வரை எடுத்துக்கொள்ளும்.

ஏஜென்சி வழியின் முதல் ஓட்டை இங்கே தெரிந்துவிடும். எங்கோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருப்பவரால் உங்கள் ஷட்டரைத் திறக்க முடியாது. 'நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், வெரிஃபிகேஷனையும் நாங்களே முடித்துத் தருகிறோம்' என்று போனில் யாராவது சொன்னால், எப்படி முடிப்பீர்கள் என்று கேளுங்கள். வீடியோ வந்தால் கடைக்கு ஆள் அனுப்புவோம் என்றோ, உங்களை வைத்து எடுப்போம் என்றோ பதில் வந்தால் சரி. வராவிட்டால் விலகிக்கொள்ளுங்கள்.

தானே போடுபவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. பெயரும், மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியும். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர்தான் பதிவிலும் இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் 'மதுரை பெஸ்ட் சுங்குடி ஹோல்சேல்' என்று ஒட்டினால் தேடலில் மேலே வரலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது விதிமீறல். பதிவையே முடக்கிவிடுவார்கள். அப்படி முடங்கினால் மேல்முறையீடு உண்டு. ஆனால் அந்தப் படிவத்தில் ஆதாரங்களை ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். ஜிஎஸ்டி சான்றிதழ், கரன்ட் பில், மாநகராட்சி உரிமம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதைத் திறக்க வேண்டும்.

புள்ளி விஷயம் டவுனுக்குள் மிக முக்கியம். முகவரியை மட்டும் தட்டினால் மேப் பல நேரம் புள்ளியைப் பிரதான வீதியிலேயே வைத்துவிடும். சந்துக்குள் இருக்கும் கடையைத் தேடி வரும் வெளியூர்க்காரர் தெற்கு மாசி வீதியில் நின்று போன் போடுவார். சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, கூரையைப் பார்த்து, மாடிப்படி இருக்கும் பக்கத்துக்குப் புள்ளியை இழுத்து வைக்க வேண்டும். வீடியோ எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். சரிபார்த்த பிறகு பெயரையோ முகவரியையோ மாற்றினால், மறுபடி சரிபார்ப்புக் கேட்க வாய்ப்பு இருக்கிறது.

கணக்கு யாருடையது?

நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். புரொஃபைலுக்கு ஒரு Primary owner உண்டு. அதற்குக் கீழே Owner, Manager என்று ஆட்களைச் சேர்க்கலாம். Manager நேரத்தை மாற்றலாம், படம் போடலாம், ரிவ்யூவுக்குப் பதில் எழுதலாம். ஆனால் ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது, பதிவை அழிக்கவும் முடியாது. வெளியாளுக்கு இது போதும். இதற்கு மேல் எதற்கு வேண்டும்?

ஏஜென்சிகள் சில, தங்கள் மின்னஞ்சலிலேயே பதிவைப் போட்டுவிடுகின்றன. கடைக்காரருக்கு அப்போது அது வசதியாகத் தெரியும். அடுத்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்காதபோதுதான் சிக்கல். போன் நம்பரை மாற்றக்கூட அவர்களைக் கேட்க வேண்டும். ஐந்து வருடமாகச் சேர்ந்த ரிவ்யூக்கள் இன்னொருவர் பெட்டியில் கிடக்கும். கூகுளின் விதிப்படி, கடைக்காரர் கேட்டால் அவர்கள் உரிமையை ஒப்படைத்தே ஆக வேண்டும். ஆனால் போனை எடுக்காதவரிடம் யார் போய்க் கேட்பது?

தானே போடும் வழியில் கணக்கு உங்களுடையதுதான். இருந்தாலும் அந்த ஜிமெயில் எது என்று பாருங்கள். பலருக்கு அது போன் வாங்கிய அன்று மொபைல் கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு தெரியாது, போனை மாற்றினால் போயிற்று. இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கவும் கூடும். இந்த விஷயத்தில் தானே போடுபவரும் ஏஜென்சியிடம் விட்டவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்: பதிவு இருக்கிறது, சாவி இல்லை.

அதனால் மூன்றாவது வழியில் நான் முதலில் செய்வது பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பது. மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் இப்போதைய நம்பரைச் சேர்ப்பேன். பிறகு வீட்டில் இன்னொருவரை இரண்டாவது Owner ஆக்கச் சொல்வேன். அந்தச் சுங்குடிக் கடையை நடத்தும் அக்கா தன் மகளின் மின்னஞ்சலைத் தந்தார். "அவதான் தம்பி எந்நேரமும் போனும் கையுமா இருக்கா" என்றார். அது போதும். என்னைச் சேர்ப்பது கடைசியில், Manager ஆக மட்டும். கடைப் பெயரை கூகுளில் தேடி, வரும் மெனுவில் Business Profile settings, அதற்குள் People and access போனால் யார் யார் இருக்கிறார்கள் என்று கடைக்காரரே எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், என்னை நீக்கலாம்.

பராமரிப்பு: மாதச் சந்தா தேவையா?

சின்னக் கடைக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. உண்மையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். திருவிழா நேரங்களை முன்கூட்டியே மாற்ற வேண்டும். சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் கடை நேரம் வழக்கம்போல இருக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரம் நள்ளிரவு வரை வியாபாரம் ஓடும். அப்புறம், யார் வேண்டுமானாலும் உங்கள் பதிவுக்குத் திருத்தம் சொல்ல முடியும். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றுகூடச் சொல்லலாம், கூகுள் அதை ஏற்கவும் செய்யலாம். திடீரென்று போன் அழைப்புகள் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மாதம் ஒருமுறை, கணக்கில் நுழையாமல் வேறொரு போனில் கடையைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் கடைக்கு வந்து பதிவு முதல் சரிபார்ப்பு வரை முடிக்க 2,500 ரூபாய் வாங்குகிறேன். அதன்பிறகு கூப்பிட்டால் மட்டும், ஒரு முறைக்கு 300. தினமும் ரிவ்யூ குவியும் ஹோட்டலுக்கும் மருத்துவமனைக்கும் மாதச் சந்தா நியாயம்தான். பதில் எழுதவே ஆள் வேண்டும். மாடியில் இருக்கும் சேலைக் கடைக்கு எதற்கு?

'முதல் இடத்தில் வரவைப்போம்' என்று உறுதி தருபவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள். தேடுபவரின் தேவைக்குக் கடை எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது என்று பார்த்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. அதைக் காசுக்கு விற்பதில்லை. காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூ அதைவிட ஆபத்து. அவற்றை நீக்கி, பதிவில் எச்சரிக்கையும் போட்டுவிடுவார்கள்.

ஏற்கெனவே ஏஜென்சியிடம் மாட்டியிருந்தால்

புதிதாக இன்னொரு பதிவு போடாதீர்கள். இரட்டைப் பதிவு என்று அதுவும் முடங்கும், ரிவ்யூக்களும் கிடைக்காது. business.google.com/add போய்க் கடைப் பெயரைத் தேடுங்கள். இன்னொருவர் கையில் இருக்கிறது என்று காட்டி, உரிமை கேட்க வழி தரும். விண்ணப்பித்தால், இப்போது வைத்திருப்பவருக்கு மூன்று நாள் அவகாசம். பதில் வராவிட்டால், பெரும்பாலும் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வரும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அவர்களே உங்களைச் சேர்த்துக்கொண்டால், முதல் ஏழு நாள் அவர்களை நீக்க முடியாது. எட்டாம் நாள் Primary owner உரிமை உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்பே அவர்களின் பாக்கி ஏதும் இருந்தால் பேசி முடித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.