தேதி மட்டுமா, மணியும் சேர்த்தா? கரும்பு வெட்டு உத்தரவில் இரண்டு முறை

தலைவாசல், கெங்கவல்லி பக்கம் கரும்பு போட்டவர்களுக்கு வெட்டு உத்தரவு வந்ததும் அடுத்த கவலை, ஆலையில் வண்டி எப்போது இறங்கும் என்பதுதான். உத்தரவில் தேதி மட்டும் இருந்தால் முதலில் வந்த வண்டி முதலில் இறங்கும். எடை மேடைக்கு வரவேண்டிய மணியையும் குறித்துக் கொடுப்பது டோக்கன் முறை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 2,400 டன் அரைக்கும் ஆலை என்றால் மணிக்கு 100 டன். டிராக்டருக்கு 10 டன் வைத்தால் மணிக்கு 10 வண்டி. ஆனால் வெட்டு ஆட்கள் காலையில் இறங்கி வெட்டி, சோகை கழித்து, கட்டு கட்டிய பிறகுதான் ஏற்றுவார்கள். அதனால் தேதி முறையில் மாலை 5 மணியிலிருந்து 9 மணிக்குள் 150 வண்டி குவிந்துவிடும் என்று வையுங்கள். அதற்குள் ஆலை எடுப்பது 40. அதற்கு முன் யார்டு காலியாகவே இருந்தாலும், மிச்சமுள்ள 110 வண்டியில் கடைசி வண்டி இறங்க மறுநாள் காலை 8 மணி ஆகும். காலை 7 மணிக்கு வெட்டிய கரும்புக்கு அப்போது வயது 25 மணி நேரம்.

24 மணி நேரத்துக்குள் அரைப்பதுதான் நல்லது. வெட்டிய கரும்பில் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையத் தொடங்கும். வெட்டுவாயில் கிருமி புகுந்து வழவழப்பான டெக்ஸ்ட்ரானை உண்டாக்கினால் சாறு லேசில் சர்க்கரையாக உறையாது. எடை காய்வது விவசாயிக்கு நட்டம், சர்க்கரை குறைவது ஆலைக்கு நட்டம். சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலான திடப்பொருளின் அளவான பிரிக்ஸை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நீர் வற்றுவதால் அது கூடக்கூடச் செய்யும். பழைய கரும்பைக் காட்டிக்கொடுப்பது சாற்றின் தூய்மை குறைவதும் புளிப்பு வாடையும்தான்.

டோக்கன் முறையில் யார்டு நெரிசல் நிச்சயம் குறையும். ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. காலை 6 மணி டோக்கன்காரர் முந்தின நாள் காலையிலேயே வெட்டி, ஏற்றிய வண்டியைக் களத்தில் நிறுத்திவைத்தால் காத்திருப்பு இடம் மாறியதே தவிர, கரும்பின் வயது குறையவில்லை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிராக்டர் திரும்பும் ஏற்பாடும் அப்படித்தான். டிரைவருக்கு லாபம், கரும்புக்கு ஒன்றுமில்லை. டோக்கன் பலன் தர, விடியற்கால வண்டிக்கான வெட்டு முந்தின நாள் மதியத்துக்கு மேல் தொடங்க வேண்டும். அதற்கு ஆட்களின் வேலை நேரத்தை மாற்ற வேண்டும். கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுவது நல்லது.

ஆலை பழுதாகி நின்றால் இரண்டு முறையுமே திணறும். டோக்கன் முறையில் எந்த வயலில் வெட்டை நிறுத்தச் சொல்வது என்றாவது தெரியும். அதற்காகவே என் ஓட்டு டோக்கனுக்கு.

தேதி முறைதான் என்றால், வெட்டு இறங்கும் முன் யார்டில் நிற்கும் வண்டிகளைக் கரும்பு உதவியாளரிடம் கேட்டு, இந்த ஆலைக் கணக்கில் பத்தால் வகுங்கள். காலை 6 மணிக்கு 200 வண்டி நின்றால் நள்ளிரவு தாண்டி 2 மணிவரை அதற்கே சரியாகிவிடும். அன்று வெட்டை மதியத்துக்கு மேல் தள்ளுங்கள்.