மேலிருந்து பார்த்து மரத்தை அடையாளம் காண்பது: ஏழு ஆண்டு கூகுள் எர்த் ப்ரோ அனுபவம்

தோட்ட நிலங்களுக்கு வரைபடம் வரைந்து கொடுப்பது என் தொழில். வேலையில் பாதிக்கு மேல் கொல்லம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில்தான் நடக்கிறது. செங்கோட்டையைத் தாண்டி மலையேறினால் ஆரியங்காவுக்கு மேலே அம்பநாட்டில் தேயிலை, தென்மலை தொடங்கி ரப்பர், ஏரூர், சிதறா, குளத்துப்புழை பக்கம் எண்ணெய்ப் பனை, வீட்டுக்கு வீடு தென்னை. நான்கையும் இவ்வளவு நெருக்கத்தில் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கே ஏழு ஆண்டுகளாக கூகுள் எர்த் ப்ரோவையும், கடைசி நான்கு ஆண்டுகளாக சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களையும் பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் இலவசம்.

முதல் ஆண்டில் நிறத்தைப் பார்த்துத்தான் குறித்தேன். கரும்பச்சை என்றால் எண்ணெய்ப் பனை, இளம்பச்சை என்றால் ரப்பர். அது பெரிய முட்டாள்தனம். ஒரே தோட்டம் காலை வெயிலில் ஒரு நிறமாகவும், மழை ஓய்ந்த மறுநாள் வேறு நிறமாகவும் இருக்கும். இப்போது நான் முதலில் தொடுவது செயலியில் இருக்கும் அளவுகோலைத்தான்.

தென்னைக்கும் எண்ணெய்ப் பனைக்கும் உள்ள வேறுபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இரண்டுமே நட்சத்திரங்கள்தாம். ஒழுங்காக நட்ட தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் ஏழரை மீட்டர், சதுர நடவு. எண்ணெய்ப் பனைக்கு ஒன்பது மீட்டர், முக்கோண நடவு. ஹெக்டேருக்கு எண்ணினால் தென்னை ஏறத்தாழ 175, எண்ணெய்ப் பனை 143. எண்ணிக்கையை வைத்தே முடிவு சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பத்து மரம் பட்டுப்போன தோப்பில் அந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. அதனால் நான் அண்டை மரங்களை எண்ணுகிறேன். நடுவில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரே தூரத்தில் எத்தனை மரங்கள் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். நான்கு என்றால் சதுரம், ஆறு என்றால் முக்கோணம். மரங்கள் விழுந்துபோன தோட்டத்திலும் எங்காவது ஓரிடத்தில் இந்த ஆறு மரக் கூட்டம் முழுதாகக் கிடைத்துவிடும். வீட்டுத் தென்னைக்கு இந்த வேலையே தேவையில்லை. அது வரிசையே இல்லாமல் நிற்கும்.

அடுத்த சாட்சி நிழல். இப்படங்களில் பெரும்பாலானவை காலை பத்தரை மணியை ஒட்டி எடுக்கப்பட்டவை. டிசம்பர் மாதத்தில் அந்நேரத்து வெயிலில் இருபது மீட்டர் தென்னையின் நிழல் சுமார் பதினாறு மீட்டர் நீளத்துக்கு வடமேற்காகச் சாய்ந்து விழும். மெல்லிய கோடு, அதன் நுனியில் ஒரு விசிறி. தென்னை ஓலைகளுக்கு நடுவே தரையும் தெரியும். வளர்ந்த எண்ணெய்ப் பனைத் தோப்பில் மட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் தண்டின் நிழலுக்கு விழ இடமே இருக்காது. வெட்டிய மட்டைகளை ஒன்றுவிட்டு ஒரு சாலில் குவித்து வைப்பதால், மரம் இளசாக இருக்கும்போது அந்த வெளிறிய பட்டைகளும் தெரியும்.

ரப்பர் வேறு கதை. ஐந்தாறு ஆண்டுகளில் மேற்பரப்பு மூடிக்கொண்டபின் தனி மரம் தெரியாது, பார்க்கப் பஞ்சுமெத்தை போல இருக்கும். பக்கத்துக் காட்டிலிருந்து அதைப் பிரிப்பது கடினம். இங்கேதான் சென்டினல்-2 உதவுகிறது. அதன் ஒரு புள்ளி பத்து மீட்டர், ஒரு தென்னையின் தலையைவிடப் பெரியது. மரம் எண்ண அது பயன்படாது. ஆனால் ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் பிடிக்கிறது. இந்தப் பகுதியில் ரப்பர் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். பிப்ரவரியில் செம்புநிறத் தளிர் விட்டு, மார்ச்சில் பளிச்சென்று பச்சையாகிவிடும். தென்மலைப் பக்கத்துத் தேக்கும் இலை உதிர்ப்பதுதான். ஆனால் அது கோடை மழை வரை மொட்டையாகவே நிற்கும். ஆகவே ஜனவரி கடைசி, மார்ச் நடு, ஏப்ரல் நடு என்று மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்தால் காடு, ரப்பர், தேக்கு மூன்றும் தனித்தனியே விலகி நிற்கும். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும். ஜூலையில் பூஞ்சை நோயால் ரப்பர் இலை கொட்டுவதும் உண்டு. அந்த மாதங்களை நான் தொடுவதில்லை.

இலையுதிர்வு என்னையும் ஒருமுறை ஏமாற்றியது. ஒரு ரப்பர் சரிவில் பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே நேர்கோடாக ஓர் எல்லை தெரிந்தது. இரண்டு உரிமையாளர்கள் என்று முடிவு கட்டி எல்லைக்கோடு போட்டுவிட்டேன். நேரில் போனால் வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. ஜனவரிப் படமும் மார்ச் படமும் ஒட்டப்பட்ட தையல்தான் அது. கீழே பட நாள் காட்டியிருந்தது, நான் பார்க்கவில்லை. இயற்கையான எல்லை எங்காவது ஓடையையோ பாதையையோ அனுசரித்து வளையும். மரத்தையும் கூரையையும் ஒரே கோட்டில் வெட்டிக்கொண்டு போனால் அது தையல்.

தேயிலையில்தான் மானம் போனது. குளத்துப்புழைக்கு அருகே ஒரு சரிவு, உயரம் இருநூறு மீட்டர்கூட இல்லை. மலையைச் சுற்றி வளைவு வளைவாக அடர்ந்த வரிகள். எதிர்மலையிலிருந்து எடுத்த ஒளிப்படத்திலும் சீப்பால் வாரியது போலவே இருந்தது. தேயிலை என்று குறித்தேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்காக 1970களில் உண்டாக்கிய ரப்பர் தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. அதில் பால் வெட்டும் பெரியவர் ஒருவர் என் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“அது தேயிலை இல்லை தம்பி, அன்னாசி. நடுவில் நிற்பது ரப்பர் கன்று.”

மறுநடவு செய்த ரப்பரில் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அன்னாசி ஊடுபயிராக நிற்பது வழக்கம். அளவுகோலை வைத்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். ரப்பர் படிக்கட்டுகளுக்கு நடுவே ஆறேழு மீட்டர் இருக்கும். தேயிலைச் சாலுக்கு ஒன்றேகால் மீட்டர்தான். அதுவும் கவாத்து செய்து மட்டமாக வளர்ப்பதால் வரிகள் மறைந்து கம்பளமாகிவிடும். கண்ணில் படும் கோடுகள் கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் பாதைகள்தாம். நடுநடுவே சில்வர் ஓக் நிழல் மரங்கள் புள்ளி வைத்தது போல நிற்கும். உயரத்தை மட்டும் நம்பவும் முடியாது. இலங்கையின் தெற்கில் கடற்கரைக்குச் சற்று உள்ளேயே தேயிலை இருக்கிறது, அஸ்ஸாமில் சமவெளியிலேயே விளைகிறது. அதனால் நான் கூகுள் எர்த்தில் பழைய படங்களைக் காட்டும் காலச் சறுக்கியை இழுத்துப் பார்க்கிறேன். தேயிலை நிலம் பதினைந்து ஆண்டு பின்னே போனாலும் அதே கம்பளம்தான். கவாத்து ஆண்டில் மட்டும் ஒரு துண்டு பழுப்பாகத் தெரியும். அந்தச் சரிவில் இரண்டே ஆண்டு பின்னே இழுத்ததும் செம்மண்ணும் வெட்டிய அடிக்கட்டைகளும் வந்துவிட்டன.

குறை என்று சொன்னால் ஒன்றுதான். தெளிவான படம் எந்த மாதத்தில் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. ஓர் இடத்துக்கு எட்டுப் படங்கள் இருக்கும், பக்கத்து மலைக்கு இரண்டுதான். மேற்பரப்பு மூடிய சரிவு, ஒரே ஒரு நவம்பர் படம், சென்டினலிலும் மேகம் என்றால் நான் எதையும் எழுதுவதில்லை. அந்தத் துண்டை வெறுமையாக விட்டுவிட்டு ஜனவரி வரை காத்திருக்கிறேன்.